வடகிழக்குப் பருவமழையை மூன்று நிமிட அசைபடமாக்க ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி

பருவமழை எப்படி உருவாகிறது என்று வரைபடமும் அம்புகளும் குரலும் வைத்து ஒரு விளக்கப்படம் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் மென்பொருளில்தான் முதலில் நேரத்தைக் கொட்டுகிறார்கள். நானும் ஒரு படத்தை முடித்துக் கொடுக்கப் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது வேறு: திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும் வேலை எல்லாமே ஸ்கிரிப்டில் இருந்து வருகிறது. "இப்போது காற்று வீசுகிறது" என்று எழுதிக் கொடுத்தால் அசைபடம் செய்பவர் எங்கிருந்து எங்கே, எந்த உயரத்தில், எந்தச் சொல்லில் என்று அவராகவே முடிவு செய்வார், அது அறிவியலுக்குப் பொருந்தாமல் போகும், மறுபடியும் வரைய வேண்டும். அந்த மறுவேலையைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்காட்டாக வடகிழக்குப் பருவமழையையே எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் ஒரே ஒரு கேள்வி

"பருவமழை என்றால் என்ன" என்று ஆரம்பித்தால் மூன்று நிமிடம் போதாது. ஒரு ஊர், ஒரு கேள்வி என்று குறுக்குங்கள். நான் பரிந்துரைப்பது: நாகப்பட்டினத்தில் மழை ஏன் நவம்பரில் கொட்டுகிறது, கேரளம் நனையும் ஜூலையில் ஏன் கொட்டுவதில்லை? சென்னையை எடுக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையிலும் மாலை இடிமழை நல்ல அளவு பெய்யும், "ஜூலையில் மழையே இல்லை" என்று நீங்கள் சொன்னால் பார்ப்பவர்களே மறுத்துச் சொல்வார்கள். டெல்டாக் கரையில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கேள்வி முடிவானதும் விடையைக் காரணச் சங்கிலியாக எழுதுங்கள், ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குக் காரணமாக இருக்க வேண்டும். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே பெரும்பாலான ஈரத்தை இறக்கிவிடுகிறது, நாம் மழை மறைவில் இருக்கிறோம். செப்டம்பர் இறுதியில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது, வட இந்தியத் தரை கடலைவிட வேகமாகக் குளிர்கிறது, அங்கே அழுத்தம் கூடுகிறது. ஜூலையில் கங்கைச் சமவெளி மேல் கிடந்த தாழ்வழுத்தப் பட்டை வங்கக்கடலின் தெற்குப் பாதிக்கு இறங்கி வருகிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து கடல் வழியாக வருகிறது, வழியில் ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. அந்த ஈரக்காற்று கரையருகே மேலே எழும் நாட்களில் மழை பெய்கிறது.

கடைசி வரியில் "எழும் நாட்களில்" என்று இருப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான படங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வடகிழக்குக் காற்று வீசினாலே மழை என்று காட்டிவிடுகிறார்கள். நவம்பரில் வடகிழக்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கும், வெயிலும் அடிக்கும், அப்படி எத்தனையோ நாள் நாமே பார்த்திருக்கிறோம். காற்றை மேலே தூக்க ஒன்று வேண்டும். தாழ்வுப் பகுதி, கிழக்கிலிருந்து நகர்ந்து வரும் காற்றலை, காற்றுச் சுழற்சி, சில நேரம் புயல். அதனால்தான் மழை விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து, பிறகு இடைவெளி என்று வருகிறது. இதற்குப் புயல் வரவேண்டிய கட்டாயமும் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது, அப்போது குமரிக்கடல் பக்கம் இருந்தது பெயர் வைக்கப்பட்ட புயல் அல்ல, ஒரு காற்றுச் சுழற்சி. இந்த ஒரு தகவலை ஸ்கிரிப்டில் வைத்தாலே "புயல் = மழை" என்ற எண்ணம் உடைந்துவிடும்.

இன்னொரு பொறி: "சைபீரியக் குளிர்காற்று இமயமலை தாண்டி வந்து மழை தருகிறது" என்ற வரி. இமயமும் திபெத் பீடபூமியும் அந்தத் தரையை ஒட்டிய குளிர்காற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. நமக்கு வரும் காற்று வட இந்தியா, மியான்மர், தென்சீனக் கடல் பக்கங்களிலிருந்து வங்கக்கடலைத் தாண்டி வருவது. சைபீரியாவிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஒரு நீண்ட நீல அம்பு போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு.

2. வரைபடமும் காற்றுத் தரவும்: எழுதும் முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்கிரிப்ட் எழுதிவிட்டுத் தரவைத் தேடினால், எழுதியதற்கு ஏற்றபடி அம்பை வளைக்கத் தோன்றும். அதனால் தரவு முதலில்.

வரைபடத்துக்கு `Natural Earth` தளத்தில் உள்ள கோப்புகள் போதும், பொதுவுடைமை, கட்டணம் இல்லை, அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அதன் வழக்கமான நாட்டு எல்லைக் கோப்பு இந்திய அரசு ஏற்கும் எல்லையோடு ஒத்துப்போகாது, அதை அப்படியே வெளியிட்டால் சட்டச் சிக்கல் வரலாம். சரியான எல்லை வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறையின் இணையத்தளத்தில் வெளிக்கோட்டு வரைபடம் கிடைக்கும். நான் சொல்வது இன்னும் எளிது: எல்லையே போடாதீர்கள். `ne_50m_land` என்ற கோப்பில் தரை மட்டும்தான் இருக்கும். காற்றுக்கு எல்லை தேவையில்லை, மலையும் கடலும் இருந்தால் போதும். நாகப்பட்டினம், கொச்சி, யாழ்ப்பாணம், கொல்கத்தா என்று நான்கு ஊர்ப் புள்ளி வைத்தால் பார்ப்பவருக்கு இடம் புரிந்துவிடும்.

காற்றுக்கு ஐரோப்பிய கோபர்நிகஸ் தரவகத்தில், அளவீடுகளையும் கணினிக் கணிப்புமுறையையும் சேர்த்து உருவாக்கிய `ERA5` தரவை எடுங்கள். இலவசம், கணக்கு தொடங்கி உரிம ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும், படத்தின் இறுதியில் நன்றிக் குறிப்பு போட வேண்டும். ஒப்பந்தத்தை ஏற்காமல் கோரிக்கை அனுப்பினால் பிழைச் செய்தி வரும், புதியவர்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். கோரிக்கை வரிசையில் நிற்கும், சில நேரம் சில நிமிடம், சில நேரம் பல மணி நேரம், ஆகவே கடைசி நாளில் போய்க் கேட்காதீர்கள். மாதச் சராசரி, கிழக்கு மேற்கு வேகத்துக்கு `U-component of wind`, வடக்கு தெற்கு வேகத்துக்கு `V-component of wind`, அழுத்த மட்டம் `925` ஹெக்டோபாஸ்கல், ஆண்டுகள் 1991 முதல் 2020, மாதங்கள் ஜூலையும் நவம்பரும். அந்த மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் உயரம். வடகிழக்குக் காற்று ஆழமில்லாதது, கீழ் மட்டத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. திபெத் பீடபூமியின் சராசரி உயரம் சுமார் 4,500 மீட்டர். அங்கே 750 மீட்டரில் காற்று கிடையாது, பாறைதான் இருக்கிறது. ஆனாலும் தரவுக் கோப்பில் அந்த இடத்துக்கும் எண்கள் இருக்கும், கணிப்புமுறை நிலத்துக்குள்ளும் நிரப்பி வைத்திருக்கும். அதை அப்படியே அம்பாக மாற்றினால் இமயத்தை ஊடுருவி வரும் காற்று கிடைக்கும், நீங்கள் தவிர்க்க நினைத்த அதே சைபீரியா அம்பு தரவின் பெயராலேயே உள்ளே வந்துவிடும். எனவே தரை 750 மீட்டருக்கு மேல் உயரமாக உள்ள இடங்களில் காற்றுத் தரவை மறைத்துவிடுங்கள், அங்கே அம்பு கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இதே விதி.

தரவில் கால் டிகிரிக்கு ஒரு புள்ளி இருப்பதால் ஆயிரக்கணக்கான அம்புகள் வரும். திரையில் அவற்றைக் காட்டாதீர்கள். அவற்றை அடியில் வைத்துக்கொண்டு, மேலே ஏழெட்டு அம்பைக் கையால் வரையுங்கள், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள்.

3. ஸ்கிரிப்ட் தாள்: நான்கு பத்தி

வழக்கமான ஸ்கிரிப்டில் குரல், திரை என்று இரண்டு பத்தி இருக்கும். இங்கே நேரம், குரல், திரை, அம்பு என்று நான்கு வேண்டும். அம்புப் பத்தியில் ஒவ்வொரு அம்புக்கும் எண், தொடங்கும் இடம், முடியும் இடம், நிறம், எந்தச் சொல்லில் கிளம்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது. இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையாகவே எழுதுங்கள். "வங்கக்கடலிலிருந்து தமிழகத்துக்கு" என்பதைவிட "20° வ, 90° கி முதல் 11° வ, 80° கி வரை" என்று எழுதினால் அசைபடக்காரர் உங்களுக்கு ஃபோன் செய்ய வேண்டியிருக்காது.

மூன்று நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: கேள்வி 15 நொடி, ஜூலைக் காற்று 30 நொடி, மலையும் மழை மறைவும் 20 நொடி, காற்று திசை மாறுவது 32 நொடி, கடலில் ஈரம் ஏறுவது 23 நொடி, மேலே எழுந்து மழையாவது 40 நொடி, விட்டுவிட்டுப் பெய்வது 20 நொடி. மேலே எழும் காட்சிக்குத்தான் அதிக நேரம், ஏனென்றால் மழை உருவாவதே அங்கேதான். ஜூலைக் காற்றில் மயங்கி ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு இதை அவசரமாக முடிப்பவர்கள் அதிகம்.

4. குரலின் நேரத்தைக் கணக்கிடுவது: ஒரு காட்சி முழுதாக

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130, 150 சொல் என்ற கணக்கைத் தமிழுக்குப் போடாதீர்கள். நம் சொற்கள் நீளம், விகுதியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். விளக்கப்பட நடையில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. குரல் கொடுப்பவர் யாரென்று தெரிந்துவிட்டால் அவரையே ஒரு பத்தி படிக்கச் சொல்லி அளந்துகொள்ளுங்கள், அதுதான் சரியான எண்.

திசை மாறும் காட்சிக்கு முதல் வரைவு இப்படி இருக்கட்டும்:

"அக்டோபர் பாதியில் காற்றின் திசை மாறுகிறது. வட இந்தியத் தரை குளிர்ந்து, அங்கே காற்றழுத்தம் கூடுகிறது. தெற்கு வங்கக்கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது, அங்கே அழுத்தம் குறைவு. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று கிளம்புகிறது, பூமியின் சுழற்சி அதை வலப்பக்கமாக வளைக்கிறது. நம் கரைக்கு வரும்போது அது வடகிழக்கிலிருந்து வருகிறது."

அறிவியல் சரி. ஆனால் திரையில் வைத்துப் பாருங்கள். அம்பு வடக்கிலிருந்து தெற்கே, அதாவது மேலிருந்து கீழே வருகிறது. அதன் வலப்பக்கம் மேற்கு. பார்ப்பவருக்கு அது இடப்பக்கம்! குரல் "வலப்பக்கம்" என்கிறது, அம்பு இடப்பக்கம் வளைகிறது, பார்ப்பவர் குழம்பிப்போய் அடுத்த இரண்டு வரியைக் கேட்கவே மாட்டார். "மேற்குநோக்கி வளைக்கிறது" என்று மாற்றிவிட்டால் குரலும் படமும் ஒன்றாகிவிடும். திசையைச் சொல்லும் எல்லா வரிகளிலும் வலம், இடம், மேலே, கீழே என்ற சொற்களைத் தேடி, கிழக்கு மேற்கு வடக்கு தெற்கு என்று மாற்றுங்கள். "மேலே" என்பதை உயரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தின் வடக்குக்கும் அதையே சொன்னால் அடுத்த காட்சியில் காற்று "மேலே எழுகிறது" என்னும்போது அது வடக்கே போவதாக நினைப்பார்கள்.

இப்போது கணக்கு. அந்தப் பத்தியில் 38 சொல். நிமிடத்துக்கு 95 என்றால் 24 நொடி. இதோடு நிறுத்தம் சேர்க்க வேண்டும், அம்பு நகர்ந்து முடியக் கண்ணுக்கு நேரம் வேண்டுமல்லவா? நான்கு இடைவெளியும் கடைசியில் ஒரு நிலைநிறுத்தமும் சேர்த்து 8 நொடி. மொத்தம் 32. காட்சி 01:05-இல் தொடங்கினால் குறிப்புத் தாள் இப்படி வரும்:

```
01:05.0  "அக்டோபர் பாதியில்"    ஜூலை அம்புகள் 1-5 மங்கும்
01:09.7  "வட இந்தியத் தரை"      உயரழுத்த வட்டம் தோன்றும்
01:15.1  "தெற்கு வங்கக்கடல்"     தாழ்வழுத்தப் பட்டை தோன்றும்
01:21.2  "அழுத்தம் கூடிய"        அம்பு 6 கிளம்பும், தெற்கே
01:25.6  "பூமியின் சுழற்சி"       அம்பு 6 மேற்கே வளையும்
01:30.8  "நம் கரைக்கு"          அம்பு 7, 8 சேரும்
01:34.6  அமைதி                எல்லாம் நிற்கும், 2.5 நொடி
```

கவனியுங்கள், ஒரு வரிக்கு ஒரே ஒரு புதிய அசைவு. உயரழுத்த வட்டமும் அம்பும் ஒன்றாகத் தோன்றினால் எது காரணம், எது விளைவு என்று தெரியாது. கேமரா நகரும்போது அம்பை நகர்த்தாதீர்கள், வரைபடம் நின்றபிறகே அம்பு கிளம்பட்டும். அந்தக் கடைசி 2.5 நொடி அமைதியை எடிட்டிங்கில் வெட்டச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். திசை மாறிய வரைபடத்தைப் பார்ப்பவர் முழுதாகப் பார்க்கும் ஒரே நேரம் அதுதான்.

5. அம்புக்கு என்ன நிறம்

ஒரு நிறத்துக்கு ஒரு பொருள், படம் முழுக்க மாறக்கூடாது. வறண்ட காற்று மங்கிய மஞ்சள், ஈரக்காற்று நீலம் என்று வைத்தால், அம்பு கடலைத் தாண்டும்போது மஞ்சள் மெதுவாக நீலமாக மாறுவதே ஈரம் ஏறுவதைச் சொல்லிவிடும், குரலில் பாதி வரி மிச்சம். அதற்காகக் குளிர்காற்று நீலம், வெப்பக்காற்று சிவப்பு என்ற வழக்கமான நிறங்களை இந்தப் படத்தில் கைவிட வேண்டும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் பார்ப்பவர் தொலைந்துபோவார். அழுத்தத்துக்கு நிறம் வேண்டாம், "உயரழுத்தம்", "தாழ்வழுத்தம்" என்று எழுத்தாகவே போடுங்கள்.

அம்பு கரையில் வந்து சட்டென்று நிற்கக்கூடாது. இலங்கையையும் தொட்டு ஓடட்டும், மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கத்து மழையும் இந்தக் காற்றோடு தொடர்புள்ளதுதான். ஆனால் குரலில் மாதம் சொல்லும்போது கவனம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தொடக்கம் வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில். இலங்கையில் அக்டோபர், நவம்பரை இரண்டாவது இடைப்பருவம் என்றும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ளதை வடகிழக்குப் பருவம் என்றும் பிரிக்கிறார்கள். இரு நாட்டிலும் பார்க்கப்படும் படம் என்றால் "தமிழ்நாட்டில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

6. மழை பெய்யும் காட்சி: வரைபடத்தை விட்டு வெளியே வாருங்கள்

மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் காற்று மேலே எழுவதைக் காட்ட முடியாது. வளைந்த அம்பு, சுழலும் அம்பு என்று எது போட்டாலும் அது பக்கவாட்டில் நகர்வதாகத்தான் தெரியும். இந்தக் காட்சிக்குக் குறுக்குவெட்டு வேண்டும், கேக்கை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது மாதிரி. மேற்கு இடப்புறம், கடல் வலப்புறம், வரைபடத்தில் இருந்த அதே திசை. கடலை இடப்புறம் வைத்துவிட்டால் வடகிழக்குக் காற்று தென்மேற்குக் காற்றாகத் தெரியும்.

அளவும் முக்கியம். 500 கி.மீ. அகலத்தை 1920 பிக்சலில் வைத்தால், 15 கி.மீ. உயர இடிமேகம் வெறும் 58 பிக்சல்தான் வரும். ஆகவே உயரத்தை 12, 13 மடங்கு இழுக்க வேண்டும், இழுத்ததை ஓரத்தில் "உயரம் பெரிதாக்கிக் காட்டப்பட்டுள்ளது" என்று எழுதிவிட வேண்டும்.

இங்கே குரலில் என்ன சொல்வது? கீழ்க்காற்று தாழ்வுப் பகுதியை நோக்கிக் குவிகிறது, குவிந்த காற்றுக்குப் போக வேறு வழியில்லாமல் மேலே எழுகிறது. எழ எழ அழுத்தம் குறைந்து காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, ஒரு கி.மீ. ஏறினால் சுமார் 10 டிகிரி. ஈரம் துளியாகும் உயரத்தில் மேகத்தின் அடி தொடங்குகிறது. துளியாகும்போது வெப்பம் வெளிப்படுவதால் அதற்குமேல் ஒரு கி.மீ.க்கு 6 டிகிரி அளவில் மெதுவாகத்தான் குளிர்கிறது, சுற்றியுள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் மேகம் தானே இன்னும் உயர்கிறது. இந்தக் கடைசி வரியை விடாதீர்கள், தாழ்வுப் பகுதி ஏன் தானாக வலுக்கிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

மேகத்தின் அடியை எந்த உயரத்தில் வரைவது என்று பலரும் யோசிப்பதே இல்லை, பார்க்க அழகாக இருக்கும் இடத்தில் போட்டுவிடுகிறார்கள். கணக்கு எளிது. தரையில் வெப்பநிலை 28 டிகிரி, ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலை 24 டிகிரி என்றால் வேறுபாடு 4, அதை 125-ஆல் பெருக்குங்கள்: 500 மீட்டர். வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் மேகம் இவ்வளவு தாழ்வாகத் தொடங்கும். உச்சி 12 முதல் 15 கி.மீ. மழைக்கோடுகள் மேகம் வளர்ந்த பிறகே விழ வேண்டும், மேகத்தோடு சேர்ந்து தோன்றக்கூடாது.

"காற்று கிழக்குத் தொடர்ச்சி மலையில் மோதி மழை பெய்கிறது" என்று முழுக் காரணமாக எழுதிவிடாதீர்கள். நாகப்பட்டினத்துக்கு அருகே மலையே கிடையாது. கடல் மேல் வேகமாக வந்த காற்று தரையின் உராய்வில் வேகம் குறைவதால் கரையோரம் குவிகிறது, அது கரைக்கு அதிக மழை கிடைக்க ஒரு காரணம், உள்ளே போகப் போகக் குறைந்துகொண்டே வரும். மலை கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

7. தமிழ் எழுத்துகள் திரையில் உடைவது

இதில் நிறைய நேரம் வீணாகும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வழக்கமான அமைப்பில் "கொச்சி" என்று ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். அமைப்பில் `Type` பகுதிக்குப் போய், `South Asian and Middle Eastern` என்ற தேர்வு உங்கள் பதிப்பில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், சரியாகும். பிளெண்டரில் எழுத்துருவைப் போட்டால் மட்டும் போதாது, இங்க்ஸ்கேப்பில் எழுதி வடிவக்கோடாக மாற்றி `.svg` ஆகக் கொண்டுபோவதே நிம்மதி. எந்த மென்பொருளானாலும் எழுத்தை ஒவ்வொன்றாகத் தோன்ற வைக்கும் விளைவைப் பயன்படுத்தாதீர்கள், ஒற்றைக் கொம்பு முதலில் வந்து ககரம் அப்புறம் வரும். சொல்லாகவே தோன்றட்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், வணிகப் படத்துக்கும் போடலாம். கைபேசியில் படித்துப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்யுங்கள்.

8. செலவு எங்கே, நேரம் எவ்வளவு

இங்க்ஸ்கேப், பிளெண்டர், க்யூஜிஐஎஸ், ஆடாசிட்டி எல்லாம் இலவசம். பணம் போகிற இடம் இரண்டு: குரலும் அசைபடமும். இரண்டுமே பெரும்பாலும் முடிந்த படத்தின் நிமிடக் கணக்கில் பேசப்படும். விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, அதில் எத்தனை முறை திருத்தம் அடங்கும், ஸ்கிரிப்ட் மாறினால் மறுபதிவுக்குத் தனிக் கட்டணமா என்பது. இதை வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்குங்கள். குரல் கொடுப்பவரிடம் எந்தத் தளங்களில் எவ்வளவு காலம் வெளியிடலாம் என்ற எழுத்து ஒப்புதலும் வேண்டும், பிறகு பள்ளிகளுக்குக் கொடுக்கும்போது தேவைப்படும்.

செலவைக் குறைக்கும் ஒரே வழி வரிசை. ஸ்கிரிப்ட் முடிந்ததும் உங்கள் குரலிலேயே கைபேசியில் பதிவு செய்து, அசையாத படங்களோடு ஒட்டி ஒரு மாதிரிப் படம் செய்யுங்கள். அதை வானிலை தெரிந்த ஒருவரிடம், கல்லூரிப் புவியியல் ஆசிரியராகக்கூட இருக்கலாம், காட்டுங்கள். "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "அம்பு 6 தொடங்கும் இடம் சரியா, தாழ்வழுத்தப் பட்டை நவம்பருக்கு இவ்வளவு வடக்கே இருக்கலாமா" என்று கேளுங்கள், உடனே பென்சில் எடுப்பார். அவர் சொன்னதைத் திருத்திய பிறகுதான் உண்மையான குரல்பதிவு, அதற்குப் பிறகுதான் அசைபடம். குரலை முன்னால் வைத்து அம்பை அதற்கு ஏற்ப நகர்த்துவது எளிது, முடிந்த அசைபடத்துக்குக் குரலை இழுத்துப் பொருத்தினால் அவசரமாகப் படிப்பது கேட்டுவிடும்.

நேரத்துக்கு, தரவும் ஸ்கிரிப்டும் மூன்று வாரம், மாதிரிப் படமும் சரிபார்ப்பும் இரண்டு மூன்று வாரம், குரல் ஒரு வாரம், அசைபடம் நான்கு முதல் ஆறு வாரம். வேலை நாட்களில் மாலை நேரத்தில் செய்பவர் கணக்கு இது. மழை தொடங்கும் முன் அக்டோபர் முதல் வாரத்தில் வெளியிட வேண்டுமென்றால் ஜூலை தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். சரிபார்ப்பவருக்கு ஒரு வாரம்தான் ஆகும் என்று நம்பாதீர்கள், பருவம் நெருங்க நெருங்க அவர்களுக்கு வேலை கூடும்.

9. வசன வரியும் மூலக் கோப்பும்

குறிப்புத் தாள் கையில் இருப்பதால் வசன வரிக் கோப்பு செய்வது சில நிமிட வேலை. குறிப்புத் தாளில் நொடியின் தசமத்தைப் புள்ளியால் எழுதியிருப்போம், `.srt` கோப்பில் அது காற்புள்ளியாக இருக்க வேண்டும், மூன்று இலக்கம்:

```
12
00:01:21,200 --> 00:01:25,600
அழுத்தம் கூடிய இடத்திலிருந்து
குறைந்த இடத்துக்குக் காற்று கிளம்புகிறது,
```

கோப்பை `UTF-8` ஆகச் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும். வசன வரி திரையின் அடியில் வரும் என்பதால் வரைபடத்தின் அடிப்பகுதியில், அதாவது இலங்கையின் தென்பகுதியும் அதற்குத் தெற்கே உள்ள கடலும் வரும் இடத்தில், பெயர் எதுவும் வைக்காமல் காலியாக விடுங்கள். இதை ஸ்கிரிப்ட் கட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும், வரைபடச் சட்டத்தைக் கொஞ்சம் தெற்கே நீட்டி நிலநடுக்கோடு வரை எடுத்தால் போதுமான இடம் கிடைக்கும்.

குரல், இசை, எழுத்து, வரைபடம் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்காக வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே காணொளிக் கோப்பாக மட்டும் வாங்கினால், இலங்கைப் பருவக் கணக்கில் ஒரு வரி மாற்றிக் கேட்டாலோ, அடுத்த ஆண்டு ஒரு எண்ணைப் புதுப்பிக்க நினைத்தாலோ, முழுப் படத்தையும் மறுபடி செய்யவேண்டி வரும். ஒப்பந்த மின்னஞ்சலிலேயே மூலக் கோப்புகளும் சேர்த்துத் தரப்படும் என்ற வரி இருக்கட்டும், கடைசித் தவணைப் பணத்தை அவை கைக்கு வந்து திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.